கொலு அறைக்கு வார்ம் ஒயிட்டா, கூல் ஒயிட்டா?

நவராத்திரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீடுகளில் எழும் சண்டை இது. மஞ்சள் வெளிச்சம் இருந்தால்தான் கொலுவுக்குக் களை வரும் என்பார் மாமியார். மஞ்சள் பல்பைப் போட்டால் பட்டுச்சேலையின் நிறமே மாறிப்போகிறது, வெள்ளைதான் வேண்டும் என்பார் மருமகள். வீடுகளுக்கு விளக்கு பொருத்திக் கொடுக்கும் வேலையில் இருப்பதால் இரண்டு பக்கத்து வாதங்களையும் ஆண்டுதோறும் கேட்கிறேன். இருவர் சொல்வதும் உண்மை. மாமியார் மனதில் இருப்பது குத்துவிளக்கு எரியும் சின்னப் பூஜை அறை. மருமகள் மனதில் இருப்பது இருபது பேர் உட்காரும் கூடம். அறையின் அளவைச் சொல்லாமல் நிறத்தை மட்டும் பேசினால் இந்தச் சண்டை தீராது.

கடையில் கிடைக்கும் எல்.இ.டி. பல்புகள் பெரும்பாலும் மூன்று வகை. வார்ம் ஒயிட் என்றால் 2700 முதல் 3000 கெல்வின். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு. கூல் ஒயிட், கூல் டே லைட் என்று கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் 6500 கெல்வின். நடுவில் 4000 கெல்வினில் ஒன்று இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது, கேட்டால்தான் கிடைக்கும். எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். நல்லெண்ணெய் விளக்கின் சுடர் 2000 கெல்வினுக்கும் சற்றுக் கீழே நிற்பது. வார்ம் ஒயிட் அதற்குப் பக்கத்து வீடு என்றால், கூல் ஒயிட் வேறு ஊர்.

இரண்டையும் கொலுப்படியின் முன் மாற்றி மாற்றி எரியவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் பொம்மைக்குப் பொம்மை வேறுபடும். மரப்பாச்சியிலிருந்து தொடங்கலாம். செம்மரத்தில் செதுக்கிய அந்த ஜோடி, வார்ம் ஒயிட்டில் உள்ளிருந்து சிவப்பு கசிவதுபோல் தெரியும். கூல் ஒயிட்டில் அதே மரம் கரிக்கட்டைபோல் கறுத்துவிடும். பித்தளைச் சொம்பும் சேலையின் ஜரிகையும் வார்ம் ஒயிட்டில் பொன்னாக மின்னும்; கூல் ஒயிட்டில் ஜரிகை வெளுத்து, வெள்ளி கலந்ததுபோல் ஆகிவிடும். ஆனால் கிருஷ்ணன் பொம்மையைப் பாருங்கள். வார்ம் ஒயிட்டில் அவன் நீலம் மங்கிச் சாம்பல் பூத்துவிடும். மயில்கழுத்து நிறச் சேலைக்கும் அதே கதி. கூல் ஒயிட்டில் அந்த நீலம் உயிர்பெற்று நிற்கும். வெள்ளைக் கலை உடுத்திய சரஸ்வதியும் வார்ம் ஒயிட்டில் பழுப்பேறித் தெரிவாள்.

சிவப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது கெல்வினால் வருவதில்லை. பல்பின் அட்டையில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு அது. சாதாரண பல்புகள் 80 அளவில் இருக்கும். 80 உள்ள பல்பில் ஆழ்ந்த சிவப்புதான் முதலில் அடிபடும். அதிலும் கூல் ஒயிட்டாக இருந்தால் குங்குமம் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும், அரக்குச் சேலை காப்பிக்கொட்டை நிறமாகிவிடும். 90 உள்ள பல்பு கொஞ்சம் விலை கூடுதல். அறை முழுவதற்கும் அது தேவையில்லை. பொம்மைகள்மேல் விழும் இரண்டு விளக்குகளுக்கு மட்டும் அதை வாங்குங்கள். நிறம் சரியில்லை என்று என்னைக் கூப்பிட்ட வீடுகள் பலவற்றில், பல்பின் கெல்வினை மாற்றாமல் 90 உள்ளதாக மாற்றியதுமே குறை தீர்ந்திருக்கிறது.

இனி வெளிச்சத்தின் அளவு. என் அனுபவத்தில் நிறத்தைப் பற்றிய புகார்களில் பாதி, உண்மையில் அளவைப் பற்றிய புகார். குறைந்த வெளிச்சத்தில் கூல் ஒயிட் போட்டால் அறை மழைநாள் மாலைபோல் வெளிறிக் கிடக்கும். அளவுக்கு மேல் வார்ம் ஒயிட்டைக் கொட்டினால் அறை மஞ்சள் பூசியதுபோல் திகட்டும். இதை 1941-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த க்ரூய்தோஃப் என்ற ஆய்வாளர் ஒரு வரைபடமாகவே போட்டுக் காட்டினார். அவர் கிழித்த எல்லைக்கோடுகள் அப்படியே பொருந்தவில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொன்னாலும், மங்கிய வெளிச்சத்துக்கு மஞ்சள், நிறைந்த வெளிச்சத்துக்கு வெள்ளை என்ற போக்கை நான் வீட்டுக்கு வீடு பார்க்கிறேன்.

அளவை வாட்ஸில் பார்க்காதீர்கள். அது மின்சாரச் செலவு. வெளிச்சத்தின் அளவு லூமன். நல்ல எல்.இ.டி.யில் ஒரு வாட்ஸுக்கு ஏறக்குறைய 100 லூமன் கிடைக்கும். அதில் பாதிதான் நமக்குத் தேவையான இடத்தில் வந்து விழும், மீதியைச் சுவரும் கூரையும் விழுங்கிவிடும் என்று கணக்கிட்டால் வீட்டு வேலைக்குப் போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். பண்டிகை அறையில் உட்கார்ந்து பேச 100 லக்ஸ் அளவு போதும். பார்க்க வேண்டிய பொருளின்மேல் அதைப்போல் மூன்று மடங்கு விழ வேண்டும்.

நாலுக்கு ஐந்து அடி பூஜை அறையை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு இரண்டு சதுர மீட்டருக்கும் குறைவு. 400 லூமன், அதாவது நாலைந்து வாட்ஸ் பல்பு ஒன்றே போதும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அங்கே 12 வாட்ஸ் கூல் ஒயிட்தான் எரிகிறது. விளைவு என்ன தெரியுமா? விளக்கேற்றினால் சுடர் தெரிவதே இல்லை. திரியின் நுனியில் ஏதோ அசைகிறது, அவ்வளவுதான். சுடரின் ஒளி அம்மன் முகத்தில் ஆடுவதுதான் அந்த அறையின் அழகு. அதை நாமே பணம் கொடுத்து அணைத்துவிடுகிறோம். இங்கே 2700 கெல்வினைத் தவிர வேறு எதையும் நான் பொருத்துவதில்லை. பல்பு கண்ணில் படாமல் வாசல்நிலையின் உட்புறம் மேலே இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது பத்துக்குப் பன்னிரண்டு அறை. அடுக்குமாடி வீடுகளில் கொலு வைப்பது பெரும்பாலும் இந்த அளவு அறையில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒரு வீட்டில் ஐந்து படி. ஆறு அடி அகலம், ஐந்து அடி உயரம். கூரை நடுவில் 20 வாட்ஸ் கூல் ஒயிட் டியூப்லைட் ஒன்று. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெள்ளை எல்.இ.டி. பட்டை ஒட்டியிருந்தார்கள். பொம்மைகளின் முகத்துக்குக் கீழிருந்து வெளிச்சம் அடித்ததால் தெய்வங்களின் கண்களுக்கு மேல் நிழல் விழுந்து முகக்களையே போயிருந்தது. அறையில் வெளிச்சம் குறைவில்லை. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்ததால் கண் படியில் போய் நிற்கவில்லை.

பட்டைகளை எடுத்துவிட்டோம். டியூப்லைட்டை அதே 20 வாட்ஸில் 4000 கெல்வினுக்கு மாற்றினோம். அதன் 2000 லூமனில் பாதி, 11 சதுர மீட்டர் அறையில் பரவும்போது 90 லக்ஸ் கிடைக்கிறது. படிக்கு மூன்று அடி முன்னால், கூரையில் இடமொன்றும் வலமொன்றுமாக 6 வாட்ஸ் ஸ்பாட் லைட் இரண்டு. 3000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90. ஒவ்வொன்றிலும் 500 லூமன். ஸ்பாட் லைட்டின் வெளிச்சம் சிதறாமல் போவதால் ஐந்தில் நான்கு பங்கு படியிலேயே விழுந்தது. படியின் முகப்பு 2.8 சதுர மீட்டர்; ஆக, அங்கே 280 லக்ஸ் அளவு. இடது விளக்கை வலப்பக்கப் பொம்மைகளை நோக்கியும் வலது விளக்கை இடப்பக்கத்துக்கும் திருப்பினோம். ஒன்றின் நிழலை மற்றது அழித்துவிடும். முன்னால் உட்கார்ந்து பாடுபவரின் தலைநிழலும் படியில் விழாது.

இரண்டு நிறம் கலக்கலாமா என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். 3000-மும் 4000-மும் கலந்தால் கண் ஏற்றுக்கொள்ளும். பொம்மைகள் விளக்கொளியில் இருப்பதாகவே தோன்றும். 3000-த்தையும் 6500-ஐயும் கலந்தால் ஏற்காது. சுவர் நீலம் பாய்ந்து, பொம்மை மஞ்சளாகி, கைபேசியில் படம் எடுத்தால் முகத்தில் பாதி ஒரு நிறம், பாதி வேறு நிறமாக வரும். ஸ்பாட் லைட்டுக்கும் டியூப்லைட்டுக்கும் தனித்தனி சுவிட்ச் வைத்தோம். ஆரத்தி நேரத்தில் டியூப்லைட்டை அணைத்தால் போதும். வெளிச்சத்தைக் குறைக்க மின்விசிறி ரெகுலேட்டரில் பல்பைக் கோத்துவிடாதீர்கள். சாதாரண எல்.இ.டி. அதில் துடிக்கும், சீக்கிரம் போய்விடும்.

இருபதுக்கு முப்பது அடிக் கூடத்தில் கணக்கே மாறிவிடும். பரப்பு 56 சதுர மீட்டர்; வருபவர்கள் அதிகம் என்பதால் 150 லக்ஸ் வைத்தாலும் 17,000 லூமன் அளவு வேண்டும். எட்டு அல்லது ஒன்பது 20 வாட்ஸ் டியூப்லைட்டுகள். கூரை உயரமென்றால் ஒன்றிரண்டு கூட. இவ்வளவையும் வார்ம் ஒயிட்டில் போட்டால் மருமகள் சொன்னது நடக்கும்: எல்லாச் சேலையும் ஒரே குடும்பத்து நிறமாகும். இங்கே என் தேர்வு முழுக்க 4000 கெல்வின். படிக்கு மட்டும் 3000-இல் நான்கு ஸ்பாட் லைட்டுகள். 6500-க்கு இந்த வீட்டில் இடமே இல்லையா என்றால், சுண்டல் தாளிக்கும் சமையலறை மேடைமேல் தாராளமாகப் போடலாம்.

வாங்கும்போது எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்தில், ஒரே தடவையில் வாங்குங்கள். இரண்டு இடங்களில் வாங்கிய வார்ம் ஒயிட் ஒன்று 2700, ஒன்று 3000 என்று அமைந்து, ஒரே படியில் இடதுபக்கப் பிள்ளையாரும் வலதுபக்கப் பிள்ளையாரும் வேறு நிறத்தில் இருந்ததை நான் சரிசெய்திருக்கிறேன். அதற்கும் முன்னால் ஒரு பல்பு மட்டும் வாங்கி, இருட்டிய பிறகு எரியவிடுங்கள். ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, அதன்மேல் கொஞ்சம் குங்குமம், ஒரு மஞ்சள் கிழங்கு, ஒரு வாழை இலைத் துண்டு வையுங்கள். பத்து நிமிடம் அந்த அறையிலேயே இருங்கள். கண் பழகுவதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். குங்குமம் குங்குமமாகவே தெரிந்தால் மீதிப் பல்புகளை வாங்கலாம்.