ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம்தான், ஆனால் எவ்வளவு திரும்ப வரும்? நான்கு கணக்கு முறைகள் ஒரே பில்லில்

ஏற்றுமதிக்குப் பூஜ்ய வீதம் என்றால் விற்பனைக்கு வரி கிடையாது, அதே நேரம் அந்தப் பொருளுக்காக வாங்கியவற்றில் கட்டிய வரியும் திரும்ப வர வேண்டும். வரிவிலக்கு பெற்ற விற்பனையிலிருந்து இது வேறுபடும் இடம் இங்கேதான். விலக்கில் விற்பனை வரி போய்விடும், ஆனால் கொள்முதல் வரி விற்பவர் தலையிலேயே நிற்கும்.

மதிப்புக் கூட்டு வரி இருக்கும் நாடுகளில் பெரும்பாலும் இதில் கருத்து வேறுபாடு இல்லை. "பயன்படுத்தாமல் மிஞ்சிய உள்ளீட்டு வரி" என்பதை எப்படி அளப்பது என்ற இடத்தில்தான் பாதை பிரிகிறது. அளக்கும் முறை மாறினால் ஒரே கணக்கிலிருந்து வேறு வேறு தொகை வருகிறது. அதைக் காட்ட ஒரு கற்பனை உற்பத்தியாளரை எடுத்துக்கொள்வோம்.

மாத ஏற்றுமதி 6,00,000. உள்நாட்டு விற்பனை 4,00,000. கணக்கு எளிதாக இருக்க வரி வீதம் 10 சதவீதம். உள்நாட்டு விற்பனைக்கு வசூலித்த வரி 40,000. மூலப்பொருளுக்கும் சேவைகளுக்கும் கட்டிய வரி 50,000. அதே மாதம் ஒரு புது இயந்திரம் வாங்கியதில் கட்டிய வரி 30,000. ஆக, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய மொத்த வரவு 80,000.

நிகர இருப்பு முறை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006/112 வழிகாட்டுதலும் பிரிட்டனின் நடைமுறையும் இதுதான். வசூலித்த 40,000-ஐக் கட்டிய 80,000-லிருந்து கழி, மிச்சம் 40,000. இயந்திரமா மூலப்பொருளா, ஏற்றுமதிக்குப் போனதா உள்நாட்டுக்குப் போனதா என்று யாரும் கேட்பதில்லை. ரிட்டர்னின் கடைசி வரியில் வரும் எண்தான் கோரிக்கை. ஒன்றியத்தில் அந்தத் தொகையைப் பணமாகத் தருவதா, அடுத்த காலத்துக்கு எடுத்துச் செல்லச் சொல்வதா என்பதை உறுப்பு நாடே முடிவு செய்துகொள்ளலாம். பிரிட்டனில் அடிக்கடி வரவு மிஞ்சுகிறவர்கள் மூன்று மாதம் காத்திராமல் மாதாந்திர ரிட்டர்னுக்கு மாறிக்கொள்கிறார்கள்.

விகிதாசார சூத்திரம். இந்தியாவின் ஜிஎஸ்டியில், உறுதிப் பத்திரம் கொடுத்து வரி கட்டாமல் சரக்கை அனுப்புகிறவர்களுக்கான வழி இது. மத்திய விதிகளில் 89(4):

```
ரீஃபண்ட் = பூஜ்ய வீத விற்பனை × நிகர வரவு ÷ திருத்திய மொத்த விற்பனை
```

இதில் "நிகர வரவு" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் வாங்கிய மூலப்பொருள், சேவை இரண்டின் வரி மட்டுமே அதில் சேரும், மூலதனப் பொருள் சேராது. நம் கணக்கில் 6,00,000 × 50,000 ÷ 10,00,000, அதாவது 30,000. இது உச்சவரம்பு மட்டும்தான். இதோடு இன்னும் இரண்டு தொகைகளை ஒப்பிட வேண்டும்: அந்தக் காலத்து ரிட்டர்ன் போட்ட பிறகு மின்னணு வரவு லெட்ஜரில் இருக்கும் இருப்பு, விண்ணப்பிக்கும் நாளில் இருக்கும் இருப்பு. மூன்றில் எது குறைவோ அதுவே கிடைக்கும். உள்நாட்டு வரியைக் கழித்தபின் லெட்ஜரில் 40,000 இருக்கிறது. ஆகவே ரீஃபண்ட் 30,000, மீதி 10,000 லெட்ஜரிலேயே நிற்கும்.

இயந்திரத்தின் வரி முழுதாகப் போய்விட்டது என்று பலர் நினைப்பதுண்டு. அது சரியல்ல. இயந்திரம் வாங்காத மாதத்தைப் போட்டுப் பாருங்கள். வரவு 50,000, உள்நாட்டு வரி 40,000, இருப்பு 10,000. சூத்திரம் 30,000 என்று சொன்னாலும் கிடைப்பது 10,000-தான். லெட்ஜரில் கிடக்கும் பணத்துக்கு "இது இயந்திரத்துடையது" என்ற முத்திரை கிடையாது. இயந்திர வரவு உள்நாட்டு வரியைக் கட்ட உதவியது, அதனால் மூலப்பொருள் வரவு விடுபட்டது, 10,000 என்றிருந்த ரீஃபண்ட் 30,000 ஆனது. இந்த மறைமுக உதவிக்கு உள்நாட்டு விற்பனை வேண்டும். முழுக்க ஏற்றுமதி செய்பவருக்கு உள்நாட்டு வரி என்று எதுவும் இல்லை, அவருடைய இயந்திர வரவுதான் ஆண்டுக்கணக்கில் லெட்ஜரில் முடங்குகிறது.

வரி கட்டி மீட்பது. முடங்கும் அந்த வரவுக்கு இந்தியச் சட்டத்திலேயே ஒரு மாற்றுக் கதவு இருக்கிறது. ஏற்றுமதிக்கும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டியைக் கட்டிவிட்டு, கட்டியதை அப்படியே திரும்பக் கேட்பது. ஏற்றுமதிக்கு 60,000, உள்நாட்டுக்கு 40,000, ஆக 1,00,000 கட்ட வேண்டும். வரவு 80,000 போக 20,000 கையிலிருந்து போகிறது. பிறகு 60,000 திரும்ப வருகிறது. நிகரமாக 40,000, ஐரோப்பிய முறையில் வந்த அதே தொகை. இயந்திர வரவை வரி கட்டப் பயன்படுத்தத் தடை இல்லை என்பதால் அது சுற்றிவந்து பணமாகிவிடுகிறது.

இதற்குத் தனி விண்ணப்பமும் வேண்டாம், ஷிப்பிங் பில்லே விண்ணப்பமாகக் கொள்ளப்படும். அதனால்தான் அங்கே இன்வாய்ஸ் எண் ஓர் எழுத்து பிசகினாலும் ரிட்டர்னோடு பொருந்தாமல் பணம் நின்றுவிடும். புகையிலை, பான் மசாலா போன்ற சில பொருட்களுக்கு 2023 அக்டோபரிலிருந்து இந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு இதன் விலை அந்த 20,000-ஐச் சில வாரங்கள் பிரிந்திருப்பது. வட்டிக்குப் பணம் எடுப்பவர் அதைக் கணக்கில் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

குறைந்த மீட்பு வீதம். சீனாவின் உற்பத்தியாளர்களுக்கான முறை. வரி வீதமும் மீட்பு வீதமும் வேறாக இருக்கலாம். விற்பனைக்கு 10, மீட்புக்கு 7 என்று வைத்துக்கொள்வோம். இடைவெளியான 3 சதவீதத்தைக் கொள்முதலின் மேல் போடுவதில்லை, ஏற்றுமதி மதிப்பின் மேல் போடுகிறார்கள். 6,00,000-ல் 18,000. அந்தத் தொகை உள்ளீட்டு வரவிலிருந்து நீக்கப்பட்டு அடக்கவிலையில் சேர்ந்துவிடும். மீதிக் கணக்கு: 80,000 − 18,000 − 40,000 = 22,000. இதை ஏற்றுமதி மதிப்பு × 7 சதவீதமான 42,000-உடன் ஒப்பிட்டு, குறைவானதைத் தருவார்கள். கிடைப்பது 22,000.

இயந்திரம் இல்லாத மாதத்தில் இதே ஆள் 8,000 கட்ட வேண்டிவரும். கொள்முதலில் கட்டிய வரி எவ்வளவு என்றே பாராமல் விற்பனை விலையில் 3 சதவீதம் பிடிப்பதால் இந்த நிலை. இதை நான் பூஜ்ய வீதம் என்றே சொல்லமாட்டேன். 3 சதவீத ஏற்றுமதி வரிக்கு வேறு பெயர் வைத்தது மாதிரிதான் இருக்கிறது. அரசுக்கு அது ஒரு திருகுகுமிழ். 2024 டிசம்பர் 1 முதல் அலுமினிய, செம்புப் பொருட்களுக்கு மீட்பையே எடுத்துவிட்டார்கள், சில சூரிய மின் பொருட்களுக்கும் பேட்டரிகளுக்கும் 13-ஐ 9 சதவீதமாக இறக்கினார்கள்.

| முறை | இயந்திரம் வாங்கிய மாதம் | வாங்காத மாதம் |
|---|---|---|
| நிகர இருப்பு | 40,000 | 10,000 |
| விகிதாசார சூத்திரம் | 30,000 | 10,000 |
| வரி கட்டி மீட்பது (நிகரம்) | 40,000 | 10,000 |
| 7% மீட்பு வீதம் | 22,000 | 8,000 கட்ட வேண்டும் |

வலது பத்தியைப் பார்த்தால் முதல் மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை. உள்நாட்டு விற்பனை கணிசமாக இருந்து, பெரிய மூலதனச் செலவு இல்லாத மாதத்தில் சூத்திரம் யாரையும் கடிக்காது. எந்த வழி நல்லது என்று பொதுவாகக் கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான்.

சூத்திரம் உண்மையில் கடிக்கும் இடம் காலம். விற்பனையும் வரவும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. சரக்கு அப்படி நகர்வதில்லை. மூலப்பொருள் முதல் மாதம் வரும், பெட்டி இரண்டாம் மாதம் கப்பல் ஏறும். முதல் மாதம் வரவு 80,000, உள்நாட்டு விற்பனை 2,00,000, ஏற்றுமதி இல்லை. இரண்டாம் மாதம் வரவு வெறும் 5,000, உள்நாட்டு விற்பனை 1,00,000, ஏற்றுமதி 9,00,000. எல்லாமே மூலப்பொருள்தான், இயந்திரம் இல்லை. மாதம் மாதமாக விண்ணப்பித்தால் முதல் மாதம் பூஜ்யம், இரண்டாம் மாதம் 5,000-ல் 90 சதவீதம், 4,500. லெட்ஜரில் 55,000 கிடக்கும்போது கைக்கு வருவது 4,500!

இரண்டு மாதத்தையும் சேர்த்து ஒரே விண்ணப்பமாகப் போட்டால்: நிகர வரவு 85,000, ஏற்றுமதி விகிதம் 9,00,000 ÷ 12,00,000. உச்சவரம்பு 63,750. இருப்பு 55,000. முழு 55,000-மும் வருகிறது. இப்படித் தொடர்ச்சியான மாதங்களைச் சேர்த்துக் கேட்க இந்திய நடைமுறை இடம் தருகிறது. நிதியாண்டு எல்லையைத் தாண்டிச் சேர்க்க இருந்த தடையும் 2020 மார்ச் 31 சுற்றறிக்கையோடு போய்விட்டது. ஒரு மாதத்துக்குத் தனியாக விண்ணப்பித்து முடித்துவிட்டால் அதைப் பிறகு சேர்க்க முடியாது. ஆகவே அவசரப்பட்டு அந்த 4,500-ஐ வாங்கிவிட வேண்டாம். கப்பல் எப்போது ஏறுகிறது என்று பார்த்துவிட்டுக் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். அதே நேரம் விண்ணப்பிப்பதற்கான இரண்டாண்டுக் கெடு ஓடிக்கொண்டிருப்பதை மறக்க வேண்டாம்.

நிகர இருப்பு முறையில் இந்தச் சிக்கல் எழவே எழாது. முதல் மாதம் 60,000 வரவு, இரண்டாம் மாதம் 5,000 கட்டல், ஆக அதே 55,000.

இன்னொரு சின்னப் பிழையும் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஏற்றுமதி மதிப்பாக, கப்பலில் ஏற்றும்வரையிலான எஃப்ஓபி மதிப்பு, இன்வாய்ஸ் மதிப்பு இரண்டில் குறைந்ததை எடுக்க வேண்டும் என்பது 2022 ஜூலையிலிருந்து விதியிலேயே இருக்கிறது. இன்வாய்ஸில் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்து 6,00,000, எஃப்ஓபி 5,60,000 என்று வைத்துக்கொள்வோம். பலர் சூத்திரத்தின் மேலே 5,60,000 போட்டுவிட்டு, கீழே ரிட்டர்னிலிருந்து 10,00,000-ஐ அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். 50,000-க்கு 28,000 வருகிறது. மேலே எடுத்த ஏற்றுமதி மதிப்பையே கீழேயும் எடுக்க வேண்டும் என்று 2021 சுற்றறிக்கை சொல்கிறது. 5,60,000 ÷ 9,60,000, அதாவது 29,167. தன் கையாலேயே 1,167-ஐக் குறைத்துக் கேட்டால், கூட்டித் தருகிறேன் என்று எந்த அதிகாரியும் சொல்லப்போவதில்லை.