மண்டையோட்டின் மூன்று தளங்கள்: ஏன் நடுக்குழிக்கு அதிக நேரம் கொடுத்தேன்

தாதிய மாணவர்களுக்கு மண்டையோட்டு அடித்தள முறிவு பற்றிப் பாடம் எடுக்க எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. மண்டையோட்டின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால் அடித்தளம் மூன்று குழிகளாகத் தெரியும். ஆளுக்கு இருபது நிமிடம் என்று மூன்றுக்கும் பங்கிட்டால் ஒன்றுமே மனதில் நிற்காது. ஆகவே ஒன்றைத் தேர்ந்து அதற்கு நாற்பது நிமிடத்தை ஒதுக்கினேன். அது நடுக்குழி. ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன். இதே தெரிவுக்கு முன் நிற்கும் வேறு ஆசிரியர்களுக்கும், விபத்துப் பிரிவில் முதல் இரவுக் கடமைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் பயன்படலாம்.

குழிகளின் அமைப்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றும் ஒரே மட்டத்தில் இல்லை. முன்னிருந்து பின்னாகப் படிபோல இறங்குகின்றன. முன்குழி மேல்படி, பின்குழி கீழ்ப்படி.

முன்குழியில் மூளையின் நெற்றிமடல்கள் அமர்ந்திருக்கின்றன. அவற்றின் கீழே இருப்பது கண்குழியின் கூரை. நடுவிலே மூக்குக்கு மேலாக, சல்லடை போலத் துளைகள் நிறைந்த மெல்லிய என்புத் தட்டு ஒன்று உண்டு. மணத்தை உணரும் நரம்பிழைகள் அந்தத் துளைகள் வழியாகவே மேலே ஏறுகின்றன. தளம் வெடித்தால் என்ன நடக்கும் என்பதை இந்த அமைப்பே சொல்லிவிடுகிறது. இரத்தம் கண்குழிக்குள் இறங்கி இரண்டு கண்களைச் சுற்றியும் கருநீலம் பூக்கும். மூக்கால் தெளிந்த நீர் சொட்டும். மணம் தெரியாமல் போகலாம்.

கண்ணில் நேரடியாகக் குத்து விழுந்தாலும் கறுப்பு வரும். வேறுபாட்டை அறிய, கண்ணின் வெள்ளையில் உள்ள சிவப்பைப் பாருங்கள். நோயாளியை மூக்குப் பக்கமாகப் பார்க்கச் சொன்னால், வெளியடியால் வந்த சிவப்புக்குப் பின்னால் பெரும்பாலும் வெள்ளை விளிம்பு தெரியும். கண்குழியின் உள்ளிருந்து வழிந்த இரத்தத்துக்கு அந்த விளிம்பு தெரியாது. சிவப்பு பின்னால் போய்க்கொண்டே இருக்கும். இன்னொன்று: முன்குழி முறிவு என்ற சந்தேகம் இருக்கும்போது மூக்கு வழியாக இரைப்பைக் குழாய் விடக்கூடாது. உடைந்த சல்லடைத் தட்டு வழியாகக் குழாய் மூளைக்குள் போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. வாய் வழியாக விடலாம். முன்குழிக்கு இவ்வளவு போதும். அதன் அடையாளங்கள் முகத்திலேயே எழுதியிருப்பதால் மாணவர் தாமாகவே கண்டுகொள்வர்.

பின்குழிதான் மூன்றிலும் ஆழமானது, பெரியது. பாடநூல்கள் மூளி என்று சொல்லும் சிறுமூளையும், மூச்சையும் இதயத் துடிப்பையும் ஆளும் நீள்வளைய மையவிழையமும் இதற்குள்ளேயே இருக்கின்றன. பின்னந்தலை அடிபட்டால் இந்தத் தளம் வெடிக்கலாம். ஓரிரு நாள் கழித்துக் காதின் பின்னாலோ பிடரியிலோ கன்றல் நிறம் தெரியும். வெடிப்பு கழுத்துப் பெருநாளம் இறங்கும் துளைவரை நீண்டால் விழுங்குவதும் குரலும் கெடலாம். இந்தக் குழியில் என் அனுபவம் மெலிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் பார்த்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவர். அவர்களில் பெரும்பாலானோரை நினைவற்ற நிலையிலேயே கொண்டுவந்தார்கள். ஆகவே இதைப் பற்றி அதிகம் பேச எனக்கு உரிமை இல்லை.

நடுக்குழிக்கு வருகிறேன். மேலிருந்து பார்த்தால் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போலிருக்கும். உடல் இருக்கும் நடுவில் சேணம் போன்ற பள்ளம் உண்டு. அதில் கபச்சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. சிறகுகளில் இரண்டு பொட்டுமடல்கள். சிறகின் பின்பகுதியில் பாறைபோல் இறுகிய என்பு மேடு ஒன்று குறுக்கே ஓடுகிறது. அந்த மேட்டுக்குள்ளேதான் நடுச்செவியும் உட்செவியும் புதைந்திருக்கின்றன. மூளைக்கும் நடுச்செவிக்கும் இடையில் இருப்பது நகத்தின் தடிப்பளவு கூரைதான்.

அடித்தள முறிவுகளில் நடுக்குழி அதிகம் உடைவதற்குக் காரணம் தேடி அலையத் தேவையில்லை. நரம்பும் நாடியும் போகும் துளைகள் அங்கே நிறைய உள்ளன; போதாததற்கு நடுச்செவியும் காற்றறைகளும் அதைப் பொள்ளலாக்கியிருக்கின்றன. ஆனால் நான் அதைத் தேர்ந்தது எண்ணிக்கைக்காக அல்ல. முன்குழி தன் காயத்தை நேராகக் காட்டுகிறது. நடுக்குழி முறிவோ ஆளை ஏமாற்றிவிடும். அதை ஏமாற்ற வைப்பது செவிப்பறை.

நடுச்செவியின் கூரை வெடித்து அதற்கு மேலுள்ள மூளையுறையும் கிழிந்தால், மூளைநீர் நடுச்செவிக்குள் இறங்கும். செவிப்பறையும் கிழிந்திருந்தால் அது காதால் வெளியே வரும். யாரும் தவறவிட மாட்டார்கள். செவிப்பறை முழுதாக இருந்தாலோ அந்த வாசல் அடைபட்டுவிடும். நீருக்கு மிஞ்சுவது ஊத்தேக்கியாவின் குழாய் மட்டும். அது நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்புறத்துக்குப் போகும் வழி. ஆகவே காதின் கூரையில் உள்ள வெடிப்பு மூக்கால் ஒழுகும். பார்ப்பவர் மூக்கைக் கண்டதும் முன்குழி என்று குறித்துவிடுவார். காதை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

இதை எனக்குக் கற்பித்தவர் வடமராட்சியைச் சேர்ந்த ஒரு சீவல் தொழிலாளி. நாற்பதைத் தாண்டிய வயது. பனையிலிருந்து வழுக்கி, ஏறக்குறைய இருபது அடி உயரத்திலிருந்து வலப்பக்கமாக விழுந்தார். சில நிமிடம் நினைவிழந்து பின் தெளிந்தார். வந்தபோது பேச்சு நன்றாக இருந்தது, கண்களைச் சுற்றிக் கறுப்பு இல்லை, காதால் ஒன்றும் வடியவில்லை. மறுநாள் காலை தலையணை உறையில் ஒரு கறை. நடுவில் இளஞ்சிவப்பு, அதைச் சுற்றி நீர்த்த வளையம். குனிந்தால் வல மூக்கிலிருந்து நீர் சொட்டியது. தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்றார்.

வளையக் கறையை நம்பி முடிவெடுக்கக்கூடாது. இரத்தத்தோடு கண்ணீரோ உமிழ்நீரோ கலந்தாலும் துணியில் அதே வளையம் விழும். சந்தேகப்பட அது போதும், உறுதிப்படுத்தப் போதாது. உறுதிப்படுத்துவது பீற்றா-2 ரான்ஸ்பெரின் என்ற புரதத்தைத் தேடும் ஆய்வுகூடப் பரிசோதனை. ஆனால் அதன் முடிவு வரும்வரை காத்திருக்காமல் கட்டிலருகிலேயே செய்யக்கூடியவை இருக்கின்றன.

குறிப்பேட்டில் முன்குழி முறிவு எனச் சந்தேகம் என்று எழுதியிருந்தது. எனக்கு அது பொருந்தவில்லை. கோப்பித் தூளை ஒரு காகிதத்தில் மடித்து ஒவ்வொரு மூக்குத் துளையாகக் காட்டினேன். இரண்டிலும் உடனே கோப்பி என்றார். மணம் தெரிவது முன்குழி முறிவை முற்றாக மறுக்காது, ஆனாலும் சந்தேகத்தை வேறு பக்கம் திருப்பியது. பிறகு காதுக்குள் பார்த்தேன். இட செவிப்பறை முத்துச் சாம்பல் நிறத்தில் மின்னியது. வலது நாவற்பழத்தின் நிறத்தில், வெளிப்பக்கம் சற்றே உப்பி, கிழியாமல் இருந்தது. அதன் பின்னால் இரத்தம் தேங்கி நின்றது.

512 அதிர்வு இசைக்கவையை நெற்றியின் நடுவில் வைத்தபோது ஒலி வலக் காதில் கேட்கிறது என்றார். அடிபட்ட காதில் கேட்பது நல்ல செய்தி. நடுச்செவி அடைபட்டிருக்கிறது, உட்செவி வேலை செய்கிறது என்பது அதன் பொருள். உட்செவி சிதைந்திருந்தால் ஒலி நல்ல காதின் பக்கம் போயிருக்கும். ஒரு மில்லிமீற்றர் வெட்டுகளாக எடுத்த சி.ரி. ஸ்கானில் பாறை என்பின் நீளவாக்கில் ஒரு கோடு தெரிந்தது. அது நடுச்செவியின் கூரையைக் கீறி, உட்செவியைத் தொடாமல் முன்னே போயிருந்தது. சல்லடைத் தட்டு பழுதின்றி இருந்தது.

அவரைப் படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வைத்தோம். மூக்குச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மலம் கழிக்க முக்கக்கூடாது என்றோம். காதுக்குள் பஞ்சு திணிக்கவோ கழுவவோ கூடாது என்று கட்டிலில் எழுதித் தொங்கவிட்டோம். எல்லோருக்கும் வழக்கமாக நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதால் மூளையுறை அழற்சி குறைகிறது என்பதற்கு ஆய்வுகள் ஆதரவு தரவில்லை, ஆகவே கொடுக்கவில்லை. காய்ச்சலையும் கழுத்து இறுக்கத்தையும் கவனித்துக்கொண்டே இருந்தோம். காதுப்பக்கக் கசிவுகள் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தாமாக நின்றுவிடும். இவருக்கு ஐந்தாம் நாள் நின்றது.

நடுக்குழிக்கு நான் நேரம் ஒதுக்கியதற்கு மற்றக் காரணம் இதே மனிதரின் நான்காம் நாள் காலை. தேநீர் வாயின் வல ஓரத்தால் வழிந்தது. வலக் கண் முழுதாக மூடவில்லை. முக நரம்பு அந்தப் பாறை என்புக்குள் ஒடுங்கிய கால்வாய் ஒன்றால் வருகிறது. கால்வாய்க்குள் வீக்கம் வந்தால் நரம்புக்கு விலக இடமில்லை. விழுந்த நொடியிலேயே முகம் செயலிழந்திருந்தால் நரம்பு அறுந்திருக்கலாம், சத்திரசிகிச்சை பற்றி யோசிக்க வேண்டும். சில நாள் கழித்து வந்த செயலிழப்புப் பெரும்பாலும் வீக்கத்தால் வருவது, அது மீளும். இரண்டையும் பிரித்தறிய ஒரே ஆதாரம், முதல் மணி நேரத்தில் முகம் எப்படி இருந்தது என்ற குறிப்பு. அவர் வந்த அன்று இரவுக் கடமையில் இருந்த தாதி, ‘இரு கண்களும் இறுக மூடுகின்றன, பல்லைக் காட்டும்போது வாய் கோணவில்லை’ என்று எழுதி வைத்திருந்தார். அந்த ஒரு வரியால் நாங்கள் பதறாமல் ஸ்டீரொயிட் கொடுத்து, கண்ணுக்குக் களிம்பு பூசி இரவில் மூடிக் காத்திருந்தோம்.

நினைவில்லாதவரிடமும் இதைப் பார்க்கலாம். புருவ மேட்டை அழுத்தினால் முகம் சுளிப்பார். இரண்டு பக்கமும் சமமாகச் சுளிக்கிறதா என்று கவனியுங்கள்.

காதின் பின்னால் கன்றல் பற்றியும் ஒரு சொல். இவருக்கு அது மூன்றாம் நாள்தான், காது மடலுக்குப் பின்னே உள்ள என்புப் புடைப்பில் தெரிந்தது. வந்த அன்று அது இல்லை என்பதால் முறிவு இல்லை என்று எழுதுவோரை நான் கண்டிருக்கிறேன். நடுக்குழி முறிவிலும் பின்குழி முறிவிலும் அது பொதுவாக ஒன்றிரண்டு நாள் பிந்தித்தான் வரும்.

ஆறாம் வாரம் அவர் திரும்பி வந்தார். முகம் ஏறக்குறையச் சமமாகியிருந்தது. சிரித்தால் மட்டும் சிறிது பின்தங்கியது. நாவற்பழ நிறம் போய்ச் செவிப்பறை சாம்பலுக்குத் திரும்பியிருந்தது. இரத்தம் வற்றிய பின்னும் கேட்கும் திறன் குறைந்தே இருந்தால் செவிச்சிற்றென்புகளின் மூட்டு விலகியிருக்கலாம், அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். இசைக்கவையை நெற்றியில் வைத்தேன். எந்தப் பக்கம் என்று கேட்டேன். நடுவில் என்றார்.