"எல்லாவற்றையும் ஒட்டும்" என்று விற்கும் குளூ ஸ்டிக்: வாங்கும் முன் படியுங்கள்

சமையலறை டப்பா ஒன்றின் மூடிக் கீல் உடைந்துவிட்டது. கடையில் கொடுத்தது "பிளாஸ்டிக், இரும்பு, கண்ணாடி எல்லாம் ஒட்டும்" என்று அச்சடித்த, குளூ கன்னில் செருகி உருக்கி ஒட்டும் 11 மி.மீ. குளூ ஸ்டிக் பாக்கெட். இரண்டே நாளில் கீல் கழன்றது. திரும்பப் போய்க் கேட்டால், "கன்னில் சூடு பத்தவில்லை, 100 வாட் வாங்குங்கள்" என்று இன்னொரு கன்னையும் தலையில் கட்டினார்கள். அதிலும் நிற்கவில்லை. சூடு அதிகமானதில் மெல்லிய மூடி நெளிந்ததுதான் மிச்சம்.

குறை கன்னில் இல்லை. கழன்ற இடத்தைப் பாருங்கள்: பசை பிய்ந்து இரு பக்கமும் ஒட்டியிருந்தால் பசைக்கு வலு போதவில்லை. இங்கே அது ஒரே ஏடாக, பிளாஸ்டிக்கில் சுவடே இல்லாமல் உரிந்து வந்தது. பசை அதில் பிடிக்கவே இல்லை என்று பொருள். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தது, அதாவது பாலிபுரொப்பிலீன். 2, 4 எண்ணுள்ள பாலிஎத்திலீனும் இப்படித்தான். மெழுகு பூசிய தட்டில் தண்ணீர் திரள்வதுபோல, இவற்றின் மேல் பசை படியாமல் நின்றுவிடும்.

கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் வெள்ளை, கண்ணாடி நிற ஸ்டிக்குகள் இவிஏ வகை. அட்டை, துணி, பாலிஷ் போடாத மரம் ஆகியவற்றின் இழைகளுக்குள் இது இறங்கி நன்றாகப் பிடிக்கும். தெர்மாகோலுக்கும் ஆகும், ஆனால் 120 டிகிரி அளவில் உருக்கும் லோ டெம்பரேச்சர் கன் வேண்டும். 190 டிகிரி கன் தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கும். இரும்பும் கண்ணாடியும் சூட்டை உடனே உறிஞ்சிவிடுவதால் பசை படரும் முன்பே இறுகிவிடுகிறது. ஹேர் டிரையரால் முதலில் சூடேற்றினால் ஓரளவு நிற்கும். வெயிலில் நிறுத்தும் காருக்குள் மட்டும் இவிஏ வேண்டவே வேண்டாம், இளகி வழுக்கிவிடும். அங்கே பாலிஅமைடு ஸ்டிக்தான் தாங்கும். அதை உருக்க 200 டிகிரிக்கு மேல் போகும் கன் தேவை, சாதாரணக் கன்னில் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

5 எண் டப்பாவுக்கென்று பாலிஓலிஃபின் ஸ்டிக் உண்டு. வாங்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், பாக்கெட்டில் இல்லையென்றால் எடுக்காதீர்கள். கீலைப் பொறுத்தவரை அதைவிட உறுதியான வழி, மூடியிலும் டப்பாவிலும் எதிரெதிரே 3 மி.மீ. துளைகள் போட்டு, சிறிய கேபிள் டையைத் தளர்வாகக் கோர்ப்பது. திறந்து மூடும் இழுப்பை எந்தப் பசையும் இவ்வளவு நாள் தாங்காது.

ஏற்கெனவே ஒட்டிக் கெட்ட பசையைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். ஓரத்தில் இரண்டு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு ஒரு நிமிடம் பொறுத்தால், அடியில் இறங்கி ஏட்டைத் தானே கிளப்பிவிடும்.