10 கேபி எடை வராத கையெழுத்து: ஒன்பது வருட விண்ணப்ப அனுபவம்

2016-ல் முதல் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது, ஊரில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில்தான் எல்லா வேலையும் நடந்தது. போட்டோவை ஸ்கேன் செய்தார்கள், ஏதோ தட்டினார்கள், 'அப்லோட் ஆயிடுச்சு தம்பி' என்றார்கள். ஹால் டிக்கெட் வந்தபோது அதில் இருந்தவர் எனக்குப் பெரியப்பா மாதிரி இருந்தார். கன்னம் இரண்டும் உப்பி, கழுத்து காணாமல் போயிருந்தது. தேர்வறை மேற்பார்வையாளர் என்னையும் ஹால் டிக்கெட்டையும் மூன்று முறை மாறிமாறிப் பார்த்தார். அன்றிலிருந்து இந்த வேலையை யாரிடமும் கொடுப்பதில்லை. எனக்கு, தங்கைக்கு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்று ஒன்பது வருடமாக நானே செய்கிறேன்.

வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ்ஸின் விண்ணப்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், அதிகம் செய்தது அதுதான். போட்டோ 200 x 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்து 140 x 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. பெருவிரல் ரேகையும் கைப்பட எழுதும் உறுதிமொழியும் தனி. விண்ணப்பிக்கும் வருடத்து அறிவிப்பைத் திறந்து அளவை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேர்வுக்குத் தேர்வு அளவு வேறு.

முதலில் என் பெரியப்பா முகத்துக்கு என்ன காரணம் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்டுடியோவில் எடுக்கும் பாஸ்போர்ட் போட்டோ 3.5 x 4.5 செ.மீ. அதை 200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தால் உயரம் 257 வரும். விண்ணப்பம் கேட்பது 230. மிச்சம் 27 பிக்சலை வெட்ட வேண்டும். அதைச் செய்யாமல் பெயின்ட்டில் 'Maintain aspect ratio' டிக்கை எடுத்துவிட்டு 200, 230 என்று அடித்தால், 257-ல் இருக்க வேண்டிய முகம் 230-க்குள் அமுங்குகிறது. பத்தில் ஒரு பங்கு உயரம் போனாலே கன்னம் உப்பிவிடும். அதனால் அளவைக் குறைப்பதற்கு முன்னாலேயே 20:23 விகிதத்தில் வெட்டுங்கள். கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் கிராப் கருவியை எடுத்து, 'Fixed' என்ற இடத்தில் 'Aspect ratio' தேர்ந்து 20:23 என்று அடித்தால் போதும், பெட்டி அந்த விகிதத்தை விட்டு நகராது. தலைக்கு மேல் இருக்கும் இடத்தைத் தொடாமல் கீழே சட்டைப் பக்கம் வெட்டுவேன். அதற்கப்புறம் 200-க்குக் குறைத்தால் 230 தானாக வந்து நிற்கும். டிக்கை எடுக்கும் தேவையே இல்லை.

போட்டோவில் கேபி பெரிய பிரச்சினை இல்லை. பிக்சலை முடிவு செய்துவிட்டு, ஜேபெக் தரத்தை ஏற்றி இறக்கினால் கேபி ஏறி இறங்கும். எப்போதும் இந்த வரிசைதான். பலர் முதலில் ஏதாவது ஆப்பில் '50 கேபி ஆக்கு' என்று கொடுக்கிறார்கள். அந்த ஆப் படத்தைக் கசக்கித் தருகிறது. பிறகு பிக்சலைக் குறைக்கும்போது கேபியும் கூடவே இறங்கி 20-க்குக் கீழே போய்விடுகிறது. இருமுறை கசங்கிய படம் அப்புறம் எதற்கும் உதவாது. கிம்ப்பில் ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யும்போது 'Show preview in image window' என்பதை டிக் செய்தால், தரத்தை நகர்த்த நகர்த்தக் கோப்பின் எடை கண்ணெதிரே மாறும். 200 x 230 முகப் படத்துக்கு 95-ஐ ஒட்டிய தரம் வைத்தால் எனக்கு வழக்கமாக எல்லைக்குள் வந்துவிடுகிறது. எல்லையை ஒட்டி நிறுத்த மாட்டேன், 30 - 40-க்குள் வைத்துக்கொள்வேன். ஒரு கேபி என்பதைச் சில இடத்தில் 1000 பைட் என்றும் சில இடத்தில் 1024 என்றும் எண்ணுகிறார்கள். 50-ஐத் தொட்டபடி நின்றால் எந்தக் கணக்கில் மாட்டுவோம் என்று சொல்ல முடியாது.

கட்டளை அடித்துப் பழகியவர்களுக்கு இமேஜ்மேஜிக்கில் இரண்டே வரி:

```
magick face.jpg -auto-orient -resize "200x230^" -gravity north -extent 200x230 -define jpeg:extent=45KB photo.jpg
magick identify -format "%m %w %h %b\n" photo.jpg
```

முதல் வரி விகிதம் கெடாமல் குறைத்து, கூடுதலாக இருப்பதைக் கீழே வெட்டி, 45 கேபியைத் தாண்டாத தரத்தைத் தானே தேடிப் பிடிக்கும். இரண்டாவது வரி வகை, அகலம், உயரம், எடையைச் சொல்லும். அந்த வகையைக் கட்டாயம் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை `.jpg` என்று பெயர் மாற்றிக் கொண்டு வருபவர்கள் உண்டு. பெயர் மாறினாலும் உள்ளே பிஎன்ஜிதான், இந்த வரியில் `photo.jpg` இருக்கும் இடத்தில் அந்தக் கோப்பின் பெயரைப் போட்டால் `PNG` என்று காட்டிக்கொடுத்துவிடும். ஐபோனின் ஹெய்க் படமும் அப்படித்தான், முறையாக மாற்றித்தான் ஆக வேண்டும்.

இனி கையெழுத்து. என்னைப் பல இரவு உட்கார வைத்தது இதுதான்.

போன வருடம் கடைசித் தேதிக்கு முந்தைய நாள் தங்கை போன் செய்தாள். 'அண்ணா, சைன் மூணு கேபிதான் வருது. எவ்வளவு பண்ணாலும் ஏற மாட்டேங்குது.' அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாள். அதுவே ஒரு சுற்றுக் கசக்கல் என்பதால், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி மறுபடி வாங்கினேன். ஸ்கேனர் ஆப்பில் எடுத்திருந்தாள். தாள் பளிச்சென்று வெள்ளை, மை கரும் கறுப்பு. அழகாகத்தான் இருந்தது. எடை குறைந்ததற்குக் காரணமும் அந்த அழகுதான்.

கணக்கு இப்படி. 140 x 60 என்றால் மொத்தமே 8,400 புள்ளிகள். 10 கேபி என்பது 10,240 பைட். அதாவது ஒரு புள்ளிக்கு ஒரு பைட்டுக்கும் மேல் செலவழித்தால்தான் 10 கேபி வரும். ஜேபெக் வேலை செய்யும் விதமோ நேர் எதிர். மாற்றமே இல்லாத வெள்ளைப் பரப்புக்கு அது ஏறக்குறைய ஒன்றுமே செலவழிக்காது. கையெழுத்துப் படத்தில் முக்கால்வாசி வெள்ளை, எடை எங்கிருந்து வரும்? ஸ்கேனர் ஆப் வெள்ளையாக்க வெள்ளையாக்க, கோப்பு இன்னும் இளைக்கும். தங்கையின் படத்தில் தரத்தை 100-க்கு ஏற்றிப் பார்த்தும் ஐந்தரை கேபிதான்.

தாளை மறுபடி எடுக்கச் சொன்னேன். வெள்ளைத் தாளில் ஸ்கேல் வைத்து 7 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரத்துக்குப் பென்சிலால் மெல்லிய பெட்டி. 140 x 60 என்பதும் 7:3-தான், அதனால் பெட்டிக்குள் போட்ட கையெழுத்து எந்தச் சிக்கலும் இல்லாமல் பொருந்தும். கறுப்பு மைப் பேனாவில், பெட்டி நிறையும்படி. எல்லாம் கேப்பிட்டல் எழுத்தாகப் போட்டால் ஏற்க மாட்டார்கள், அது அறிவிப்பிலேயே இருக்கிறது. ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில், போனின் நிழல் விழாமல், சாதாரணக் கேமராவில் எடுத்தாள். பென்சில் கோட்டுக்குச் சற்று உள்ளே வெட்டினேன். தாளின் சொரசொரப்பும் லேசான சாம்பல் நிறமும் அப்படியே இருந்தன, வேண்டுமென்றே விட்டேன். 140 x 60, தரம் 100: ஏழே கால் கேபி. இன்னும் பத்து வரவில்லை.

அறிவிப்பை மறுபடி படித்தேன். அளவுக்குப் பக்கத்திலேயே 'preferred' என்று ஒரு சொல் இருக்கிறது. விரும்பத்தக்கது என்றுதான் சொல்கிறார்கள், கட்டாயம் என்று இல்லை. ஆகவே அதே 7:3 விகிதத்தில் இரட்டிப்பாக்கி 280 x 120 வைத்தேன். புள்ளிகள் நான்கு மடங்கு, 33,600. தரத்தை 95-க்கு இறக்கியும் 13 கேபி வந்தது. ஒரே முயற்சியில் ஏறிவிட்டது, படமும் முன்பைவிடத் தெளிவு. இதில் ஒரு எச்சரிக்கை: அசல் படத்திலிருந்து 280-க்குக் குறைக்க வேண்டும். ஏற்கெனவே 140 ஆக்கியதை ஊதிப் பெரிதாக்கினால் எடை கூடும், கோடு மட்டும் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

பிக்சலில் இம்மி பிசகக்கூடாது என்று சொல்லும் விண்ணப்பங்களும் உண்டு. அங்கே இந்த வழி நடக்காது. அப்போது கிம்ப்பின் எக்ஸ்போர்ட் பெட்டியில் 'Subsampling' என்பதை 4:4:4 ஆக்கி, தரம் 100 வைத்து, எக்ஸிஃப், தம்ப்நெயில், கலர் புரொஃபைல் சேமிக்கும் டிக்குகளையும் போட்டுவிடுவேன். படம் மாறாமல் கோப்பு கொஞ்சம் கனக்கும். மற்ற நேரத்தில் வீண் சுமை என்று எடுத்துவிடும் விஷயங்கள்தான் இவை. எக்ஸிஃப்பில் படம் எடுத்த இடமும் பதிந்திருக்கலாம், போனில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள்.

எடையை எங்கே பார்ப்பது என்பதிலும் ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். விண்டோஸில் கோப்பின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் 'Size', 'Size on disk' என்று இரண்டு எண் வரும். இரண்டாவது பொதுவாக 4 கேபி துண்டுகளாக எண்ணுவது. 8.3 கேபி கோப்பு அங்கே 12 என்று காட்டும். அதைப் பார்த்து 'பத்தைத் தாண்டிவிட்டது' என்று நம்பி ஒரு மணி நேரம் அப்லோட் பட்டனோடு சண்டை போட்டேன். முதல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும், அதிலும் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பைட் கணக்கு.

இணையத்தில் கிடைக்கும் ரீசைஸ் தளங்களைப் பற்றிக் கேட்பார்கள். வேலை ஆகும்தான். ஆனால் முகம், கையெழுத்து, பெருவிரல் ரேகை மூன்றையும் முன்பின் தெரியாத ஒரு சர்வருக்கு ஏற்றிவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை. பிரவுசரில்தான் செய்ய வேண்டும் என்றால் ஸ்குவூஷ் என்ற தளம் பரவாயில்லை, படம் நம் கணினியை விட்டு வெளியே போகாது. ஒன்று மட்டும்: அதில் முதலில் வரும் மொஸ்ஜேபெக் முறை கோப்பை இன்னும் இளைக்க வைப்பதற்கென்றே செய்தது. போட்டோவுக்கு நல்லது, கையெழுத்துக்கு ஆகாது. அங்கே 'Browser JPEG' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர். கேமராவிலிருந்து வந்த அசல் படங்கள் அதில் தொடப்படாமல் இருக்கும். ஒவ்வொரு தேர்வுக்கும் அசலிலிருந்துதான் தொடங்குவேன், போன தேர்வுக்குச் செய்த கோப்பிலிருந்து ஒருபோதும் இல்லை. தங்கையின் 7 x 3 பென்சில் பெட்டித் தாளும் பத்திரமாக இருக்கிறது. அதற்கப்புறம் நான்கு விண்ணப்பங்களுக்கு அதே கையெழுத்துதான் போயிருக்கிறது.