சாம்ப்ரேவா, டெனிமா, நிட் டெனிமா: கிட்டப் படத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

ஆன்லைனில் நீலத் துணி ஒன்றை ‘டெனிம்’ என்று போட்டிருந்தால், அது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். சாதா நெசவில் வரும் சாம்ப்ரே, ட்வில் நெசவில் வரும் அசல் டெனிம், பனியன் துணி மாதிரி பின்னிய நிட் டெனிம். தள்ளிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தைத்துப் போட்ட பிறகுதான் ஒன்று மெல்லிசாக இருக்கும், ஒன்று இழுபடும்.

சாம்ப்ரேதான் சுலபம். நெடுக்கே ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை. ஒவ்வொரு இழையும் ஒன்றின் மேல், அடுத்ததன் கீழ் என்று போவதால் நீலப் புள்ளியும் வெள்ளைப் புள்ளியும் சதுரங்கப் பலகைபோல மாறி மாறித் தெரியும். முன்பக்கமும் பின்பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறம்.

டெனிமில் பெரும்பாலும் பாவு இழை மூன்று ஊடைக்கு மேலே போய் ஒன்றுக்குக் கீழே இறங்கும். அதனால் முன்பக்கம் நீலம் தூக்கலாகவும் பின்பக்கம் வெளுத்தும் இருக்கும். இறங்கும் இடம் வரிசைக்கு வரிசை ஓர் இழை தள்ளிப் போவதால் சாய்கோடு விழுகிறது. ஆனால் சாய்கோட்டைப் பார்த்ததுமே ட்வில் என்று முடிவுகட்டக் கூடாது. துணியைக் கோணலாக வைத்து எடுத்தால் சாம்ப்ரேயிலும் சாய்கோடு தெரியும். இங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கோடே ஓர் இழையா, இல்லை இழைகள் அதைக் குறுக்கே கடந்து போகின்றனவா? ட்வில்லில் கோடு என்பது இழை இல்லை. பல இழைகளின் மேடுகள் அடுத்தடுத்து அமைந்து உண்டாகும் தோற்றம். படத்தைப் பெரிதாக்கும்போது கோட்டின் சாய்வும், இழைகளோடு ஒப்பிட்டால் அதன் அகலமும் மாறினால் அது துணியிலேயே இல்லை, திரை காட்டும் மாயை.

நிட் டெனிம்தான் அதிகம் ஏமாற்றும். முன்பக்கத்தில் ட்வில் மாதிரியே சாய்கோடு வரும்படி பின்னியிருப்பார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் நேர் இழைகள் குறுக்கும் நெடுக்கும் வெட்டிக்கொள்வது எங்குமே இருக்காது. ஆங்கில ‘வி’ வடிவக் கண்ணிகள் ஒன்றின் மேல் ஒன்றாக நெடுக வரிசை கட்டியிருக்கும். மீன்முள் ட்வில்லிலும் ‘வி’ உண்டே என்பீர்கள். அங்கே ஒரு ‘வி’க்குள் பல இழைகள் இருக்கும், பின்னலில் ஒரே நூல் வளைந்துதான் ஒரு ‘வி’ ஆகிறது.

சரி, விற்பவரிடம் எந்தப் படத்தைக் கேட்பது? ஸ்கேல் வைத்து, ஒரு சென்டிமீட்டர் திரையை நிறைக்கும்படி, வெளிச்சம் பக்கவாட்டில் விழ, இரண்டு பக்கமும் எடுக்கச் சொல்லுங்கள். மேற்பரப்பைச் சுரண்டிப் பஞ்சு எழுப்பிய துணி என்றால் அதுவும் உதவாது. கட்டமைப்பைப் பஞ்சு மூடிவிடும். அப்போது வெட்டிய ஓரத்தில் பிரித்த நூலைப் படமெடுத்துக் கேட்பதுதான் வழி. நெய்த துணியில் ஒரு பக்க ஓரத்தில் நீல இழையும் அடுத்த பக்கத்தில் வெள்ளை இழையும் லேசான நெளிவோடு, நேராகவே உருவி வரும். பின்னலில் நூல் ஒரு திசையில் மட்டும் ஓடுகிறது. பிரித்தால் கண்ணி கண்ணியாகச் சுருண்டு வரும்.