பழைய பதிவுகளைத் தணிக்கை செய்ய எந்த ஷீட்: கிளிக் கணக்கா, தேடல் சொல் கணக்கா?

பழைய பதிவுகளில் எதைப் புதுப்பிக்கலாம், எதை இன்னொன்றோடு சேர்க்கலாம், எதை நீக்கலாம் என்று முடிவெடுக்கப் போடும் ஷீட் பெரும்பாலும் இரண்டு வகைகளில் ஒன்றாக இருக்கும். முதல் வகையில் ஒரு வரிக்கு ஒரு பதிவு. முகவரி, வெளியான ஆண்டு, ஓராண்டு கிளிக் ஆகியவற்றை நிரப்பி, கிளிக்கை வைத்து வரிசைப்படுத்தி, அடியில் கிடப்பதை வெட்டிவிடலாம். இரண்டாவது வகையில் ஒவ்வொரு பதிவும் எந்தெந்தத் தேடல் சொற்களுக்குக் காட்டப்பட்டது என்பதும் சேர்ந்து வரும். முதலாவது ஒரே நாளில் முடிந்துவிடும். இரண்டாவது அதைப்போல் பல மடங்கு நேரம் கேட்கும். ஆனாலும் நான் இரண்டாவதின் பக்கம்தான். ஒரே பதிவுகளைக் கொடுத்தால் இரண்டும் வேறு வேறு தீர்ப்பு சொல்கின்றன, முதலாவது சொல்லும் தீர்ப்பில் நல்ல பதிவுகள் பலியாகின்றன.

எந்த வகையை எடுத்தாலும் முகவரிப் பட்டியலைச் சரியாகத் தொடங்க வேண்டும். பலரும், தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலிலிருந்து பக்கங்களை இறக்கி, அதையே முழுப் பட்டியலாக வைத்துக்கொள்கிறார்கள். தேடலில் ஒருமுறைகூடக் காட்டப்படாத பக்கம் அந்த அறிக்கையில் வரவே வராது. அதாவது, நீக்குவதற்கு முதலில் பரிசீலிக்க வேண்டிய பதிவுகளே ஷீட்டில் இருக்காது. அதனால் சைட்மேப்பிலிருந்தோ, தளத்தின் நிர்வாகப் பக்கத்திலிருந்தோ எல்லா முகவரிகளையும் எடுத்து முதல் நெடுவரிசையில் வைத்துவிட்டு, சர்ச் கன்சோல் எண்களை அதனோடு பொருத்துவதுதான் முறை. பொருத்தும்போது ஒரே பக்கம் கடைசியில் சாய்கோடு உள்ளதாகவும் இல்லாததாகவும், சில சமயம் நடுவில் # குறியோடும் தனித்தனி வரிகளாக வரும். அவற்றை ஒன்றாக்காவிட்டால் ஒரு பதிவின் கிளிக் மூன்றாகப் பிரிந்து, நன்றாக ஓடும் பதிவும் நோஞ்சானாகத் தெரியும்.

கால அளவு குறைந்தது 12 மாதம் இருக்கட்டும். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கிறது. மூன்று மாதத்தை மட்டும் எடுத்தால், ஆண்டில் ஒரு பருவத்தில் மட்டும் தேடப்படும் பதிவு மற்ற காலத்தில் செத்ததுபோலக் காட்டும்.

சரி, இரண்டு ஷீட்டையும் ஒரே எடுத்துக்காட்டில் ஓட்டிப் பார்ப்போம். சைக்கிள் பராமரிப்பு பற்றிய ஒரு தளம். அதில் செயின் பற்றி நான்கு பதிவுகள், கூடவே ஒரு பழைய அறிவிப்பு. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. எல்லாம் 12 மாதக் கணக்கு. இம்ப்ரெஷன் என்பது பதிவு தேடலில் எத்தனை முறை காட்டப்பட்டது என்பது.

| பதிவு | கிளிக் | இம்ப்ரெஷன் | சராசரி இடம் | வெளியிலிருந்து வரும் இணைப்பு |
|---|---|---|---|---|
| 1. செயினைச் சுத்தம் செய்வது எப்படி | 940 | 31,000 | 5 | 9 |
| 2. செயின் அழுக்கு போக எளிய வழி | 45 | 6,200 | 18 | 0 |
| 3. துருப்பிடித்த செயினை மீட்பது | 38 | 900 | 7 | 4 |
| 4. செயினை எப்போது மாற்றுவது | 12 | 14,500 | 14 | 1 |
| 5. வாசகர் சந்திப்பு அறிவிப்பு | 0 | 0 | – | 0 |

கிளிக் ஷீட்டில் "50-க்குக் கீழே என்றால் நீக்கு" என்று ஒரு கோடு போட்டால் முதல் பதிவு மட்டும் பிழைக்கும். மற்ற நான்கும் போய்விடும். தேடலில் காட்டப்பட்டவற்றில் மோசமான எண் நான்காவது பதிவுக்குத்தான் இருக்கிறது, 14,500 முறை காட்டப்பட்டு 12 கிளிக். வெட்டுகிறவர் கை முதலில் அங்கேதான் போகும்.

இப்போது தேடல் சொற்களைக் கொண்டுவருவோம். சர்ச் கன்சோலின் திரையிலிருந்து இறக்கினால் 1,000 வரிதான் கிடைக்கும். பக்கமும் தேடல் சொல்லும் ஜோடியாக வேண்டுமென்றால், நிரல் மூலம் தரவைக் கேட்டு வாங்கும் வழியான அதன் ஏபிஐ மூலம் எடுக்க வேண்டும். அதில் ஒரு கோரிக்கைக்கு 25,000 வரி வரை வரும். அது கைவராதவர்கள் சந்தேகத்துக்குரிய பதிவுகளை மட்டும் ஒவ்வொன்றாக வடிகட்டி, அதன் தேடல் சொற்களை இறக்கி ஒட்டினாலும் போதும். அந்தத் தரவை gsc என்ற தனி ஷீட்டில் பக்கம், தேடல் சொல், கிளிக், இம்ப்ரெஷன் என்ற வரிசையில் வையுங்கள். ஒப்பிடும் ஷீட்டில் A2-வில் வலுவான பதிவின் முகவரி, B2-வில் சந்தேகத்துக்குரிய பதிவின் முகவரி. அப்புறம் இந்தச் சூத்திரம், தரவு 5,000 வரியைத் தாண்டினால் அதிலுள்ள 5000-ஐக் கடைசி வரி எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள்:

```
=SUMPRODUCT((gsc!A$2:A$5000=B2)
 *(COUNTIFS(gsc!A$2:A$5000,A2,gsc!B$2:B$5000,gsc!B$2:B$5000)>0)
 *gsc!D$2:D$5000)
 /SUMIF(gsc!A$2:A$5000,B2,gsc!D$2:D$5000)
```

சந்தேகப் பதிவுக்குக் கிடைத்த இம்ப்ரெஷனில் எவ்வளவு பங்கு, வலுவான பதிவும் காட்டப்பட்ட அதே சொற்களிலிருந்து வந்தது என்பதை இது சொல்லும். சொற்களை வெறுமனே எண்ணாமல் இம்ப்ரெஷனால் எடைபோடுவதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை இருமுறை மட்டும் வந்த உதிரிச் சொற்கள் பட்டியலை நிரப்பிவிடும். எண்ணிக்கையில் பார்த்தால் இரண்டு பதிவும் வெவ்வேறு போலத் தோன்றும்.

நம் எடுத்துக்காட்டில் இரண்டாவது பதிவுக்கு 0.85 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்புதான் வேறு, தேடி வருகிறவருக்கு வேண்டியது முதல் பதிவில் இருப்பதேதான். வெளியிலிருந்து இணைப்பும் கிடையாது. இது சேர்க்க வேண்டிய பதிவு. மூன்றாவது பதிவுக்கு 0.1 வருகிறது. துரு பற்றித் தேடுகிறவர்கள் தனி ஆட்கள், அவர்களுக்கு இந்தத் தளத்தில் வேறு பக்கம் இல்லை. தேடுபவர்களே குறைவு என்பதால் கிளிக் குறைவு. பதிவு மோசம் என்பதால் அல்ல. ஏழாவது இடத்தில் நிற்கிறது, நான்கு தளங்கள் அதைச் சுட்டுகின்றன. அப்படியே விட்டுவிடலாம். கிளிக் ஷீட்டால் சொல்ல முடியாத விஷயம் இதுதான்: குறைந்த கிளிக்குக்குக் காரணம் தேவை குறைவா, பதிவு பலவீனமா, அல்லது நம் இன்னொரு பதிவே மறிக்கிறதா?

நான்காவது பதிவில் காரணம் பலவீனம். தேடல் சொற்களைப் படித்தால் 11 ஸ்பீடு, 12 ஸ்பீடு செயின் தேய்மானம் பற்றிக் கேட்கிறார்கள். பதிவோ செயின் 1 சதவீதம் நீண்டதும் மாற்றுங்கள் என்று மட்டும் சொல்கிறது. 11, 12 ஸ்பீடு செயினைப் பொதுவாக 0.5 சதவீதத்திலும், 10 ஸ்பீடு வரையிலானதை 0.75 சதவீதத்திலும் மாற்றச் சொல்வார்கள். ஆக, பதிவு பழசானது மட்டுமல்ல, இன்றைய வாசகருக்குத் தவறான அறிவுரையும்கூட. புதுப்பிக்க வேண்டிய பதிவு இதுவே, செலவழிக்கும் உழைப்புக்கு இந்தப் பட்டியலில் அதிகப் பலன் தரக்கூடியதும் இதுவே. முகவரியை மாற்றாமல், அளவுகளைத் திருத்தி, தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் எழுத வேண்டும். தேதியை மட்டும் இன்றைக்கு மாற்றி வெளியிடுவதைப் புதுப்பித்தல் என்று சொல்லக் கூடாது. அது வாசகரை ஏமாற்றுவது, கூகுளும் அதைச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

ஐந்தாவதை நீக்கலாம். அந்த முகவரிக்குச் சர்வர் தரும் பதில் "பக்கம் இல்லை" என்னும் 404, "நீக்கப்பட்டுவிட்டது" என்னும் 410 எதுவானாலும் சரி. பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் நீக்குவதற்கான காரணம் "பழசு" என்பதாக இருக்கக் கூடாது. 2023 ஆகஸ்டில் சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளை நீக்கிய செய்தி வெளியானபோது, பழையது என்பதற்காகவே நீக்குவது தேடலுக்கு உதவும் என்ற நம்பிக்கையைக் கூகுள் வெளிப்படையாகவே மறுத்தது.

தேடல் சொல் ஷீட்டுக்கும் குறைகள் உண்டு. மிகச் சிலர் மட்டும் தேடிய சொற்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் மறைத்துவிடுகிறது. சொற்களின் கிளிக்கைக் கூட்டினால் பக்கத்தின் மொத்தக் கிளிக் வராமல் போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சிறிய பதிவுகளில் ஆறேழு சொற்கள்தான் கையில் இருக்கும். அதை வைத்து வரும் 0.9-ஐ நம்பிச் சேர்த்துவிடக் கூடாது, இரண்டையும் திறந்து படித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, சொற்கள் ஒன்றாக இருப்பது மட்டுமே மோதல் ஆகாது. ஒரு பதிவு மூன்றாவது இடத்திலும் மற்றது நாற்பதாவது இடத்திலும் இருந்தால் ஒன்றை ஒன்று கெடுப்பதற்கு வாய்ப்பு குறைவு. உண்மையான மோதலுக்கு அடையாளம், ஒரே சொல்லுக்கு ஒரு வாரம் ஒரு முகவரி, அடுத்த வாரம் இன்னொரு முகவரி என்று மாறி மாறி வருவது. சர்ச் கன்சோலில் அந்தச் சொல்லை வடிகட்டி, பக்கங்களைத் தேதிவாரியாகப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

வேலை என்று பார்த்தால் சேர்ப்பதுதான் மூன்றிலும் கடினம். எந்த முகவரி நிலைக்க வேண்டும் என்பதை வெளியிலிருந்து வரும் இணைப்புகளையும் கிளிக்கையும் வைத்து முடிவு செய்யுங்கள். எது புதியது என்பதை வைத்து அல்ல. இங்கே முதல் பதிவு நிற்கும். இரண்டாவதில் மட்டும் இருக்கும் பயனுள்ள பகுதியை முதலாவதுக்குள் எழுத வேண்டும். அடியில் அப்படியே ஒட்டினால் படிக்கச் சகிக்காது. பிறகு இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட், தளத்துக்குள் இரண்டாவதைச் சுட்டும் இணைப்புகளை நேராக முதலாவதுக்குத் திருப்புதல், சைட்மேப்பிலிருந்து இரண்டாவதை எடுத்தல். சேர்த்த பதிவுகளையெல்லாம் முகப்புப் பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்வது வீண்; பொருத்தமில்லாத இடத்துக்குப் போகும் அத்தகைய ரீடைரக்டைக் கூகுள் பக்கம் இல்லாததற்குச் சமமாகவே எடுத்துக்கொள்ளும். ரீடைரக்டை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும், முடிந்தால் எடுக்கவே வேண்டாம்.

கிளிக் ஷீட்டை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பதிவுகள் இருக்கும் தளத்தில் எங்கே தொடங்குவது என்று காட்ட அது போதும். இம்ப்ரெஷனும் இல்லை, இணைப்பும் இல்லை, தளத்துக்குள் யாரும் திறப்பதும் இல்லை என்கிற பதிவுகளை, அதில் இந்த எண்களையும் சேர்த்துப் பிரித்து எடுத்துவிடலாம். மீதியை முடிவு செய்யும் உரிமையை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

எந்த முடிவானாலும் ஷீட்டில் "செய்த தேதி" என்று ஒரு நெடுவரிசையும், நீக்குவதற்கு அல்லது சேர்ப்பதற்கு முன் அந்தப் பதிவின் தேடல் சொற்களின் நகலும் இருக்க வேண்டும். பதிவின் பிரதியையும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து, சேர்த்த பதிவின் கிளிக்கை முந்தைய ஆண்டின் அதே மாதங்களில் இரண்டு பதிவுக்கும் கிடைத்த கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். இரண்டாவது பதிவுக்கு மட்டுமே வந்துகொண்டிருந்த சொற்கள் இப்போது முதலாவதுக்கு வருகின்றனவா என்றும் பாருங்கள். வரவில்லை என்றால், அந்தச் சொற்களுக்கு விடை சொன்ன பத்தி சேர்க்கும்போது விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். பழைய பதிவின் பிரதியை எடுத்து, அந்தப் பத்தியை முதல் பதிவில் சேர்த்தாக வேண்டும்.