உபீத்கியா, உஷேர்ப்பா: ‘இழப்பு’ என்பதற்கு எந்த ரஷ்யச் சொல்?

காப்பீட்டு உரிமைகோரல் படிவத்தில் வரும் ‘இழப்பு’ என்பதற்கு ரஷ்ய மொழியில் உபீத்கி, உஷேர்ப் என்னும் இரண்டு சொற்கள் போட்டியிடுகின்றன. அகராதி இரண்டையும் ஏறத்தாழ ஒன்றாகவே காட்டினாலும், ரஷ்யக் குடிமைச் சட்டத் தொகுப்பின் 15ஆம் பிரிவு உபீத்கியை அகன்ற சொல்லாக்கி, பொருளுக்கு நேர்ந்த நேரடிச் சேதத்தையும் (ரியால்னி உஷேர்ப்) கைநழுவிய வருவாயையும் அதற்குள் அடக்குகிறது.

கிடங்குத் தீ விபத்தில் 50 லட்சம் ரூபிள் சரக்கு எரிந்து, 20 லட்சம் வருவாய் நின்றுபோனதாக வைத்துக்கொள்வோம். பாலிசி சரக்குச் சேதத்தை மட்டுமே ஏற்கிறது என்றால், படிவத்தின் ‘இழப்புத் தொகை’ கட்டத்தில் உபீத்கி என்று எழுதுவது 70 லட்சம் கேட்க இடமளிக்கும். ரியால்னி உஷேர்ப் என்றால் 50 லட்சத்தோடு நிற்கும். விலக்குப் பகுதியிலோ நிலைமை தலைகீழ்: விளைவு இழப்பை உஷேர்ப் என்று பெயர்த்தால் வருவாய் இழப்பு விலக்கிலிருந்து தப்பிவிடும். அங்கே உபூஷென்னயா வீகதா (கைநழுவிய ஆதாயம்) என்றே வெளிப்படையாக எழுதுவேன்.

பிறருக்கு விளைத்த தீங்குக்கான பொறுப்பில் இந்த இரண்டும் வேண்டாம். 931ஆம் பிரிவு வ்ரேத் என்ற சொல்லையே ஆள்கிறது.